சென்னை மாலை ஏழு, டொராண்டோ காலை ஒன்பதரை

வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்களை ஒரே நேரத்தில் பேச அழைக்கும் செய்தியில் பெரும்பாலும் விடுபடுவது நேரம்தான். "அடுத்த வாரம் ஒருநாள் பேசலாமா, உங்களுக்கு எப்போது வசதி?" என்று கேட்பது பணிவாகத் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி வேலை முழுவதையும் பதில் சொல்பவரின் தலையில் ஏற்றிவிடுகிறது. அவர் தன் நாட்களைப் பார்க்க வேண்டும், கேட்டவரின் ஊரில் அப்போது மணி என்ன என்று கணக்கிட வேண்டும், அந்த நேரத்தில் அவர் விழித்திருப்பாரா என்று ஊகிக்க வேண்டும். பிறகு ஒரு நேரத்தைச் சொன்னால் அது ஒத்துவராமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒருவர் எழும்போது மற்றவர் தூங்கப் போகும் தொலைவில், ஒவ்வொரு கேள்வி பதிலுக்கும் ஒரு முழு நாள் போகிறது. மூன்று முறை எழுதி வாங்குவதற்குள் வாரமே முடிந்துவிடும்.

நல்ல அழைப்புச் செய்தி இந்த வேலையை அழைப்பவரே செய்து முடித்துவிட்டு அனுப்புவது. இரண்டு அல்லது மூன்று நேரங்கள், படிப்பவரின் ஊர் மணியில், நாளும் தேதியும் கிழமையும் சேர்த்து இருக்க வேண்டும். எதுவும் ஒத்துவராவிட்டால் சங்கடமில்லாமல் சொல்ல ஒரு வழியும் அதிலேயே இருக்க வேண்டும். எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் எங்கே கவனம் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பின்தொடர்ந்தால்தான் தெரியும்.

சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் ஒரு நாவலை அச்சுக்கு அனுப்ப இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்தாளர் டொராண்டோவில் வசிக்கிறார், அட்டை வரைந்தவர் லண்டனில். 2026 மார்ச் 25 அன்று கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் மூவரும் நாற்பது நிமிடம் பேச வேண்டும். நேரம் குறிப்பது சென்னையில் இருக்கும் பதிப்பாசிரியரின் பொறுப்பு.

கடிகாரக் கணக்குக்கு முன்னால் வருவது ஆட்களின் கணக்கு. எழுத்தாளர் வார நாட்களில் வேலைக்குப் போகிறவர், காலை 8.15-க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புகிறார். அவர் ஓய்வாக இருக்கும் மாலை ஏழு மணி சென்னையில் மறுநாள் விடியற்காலை நாலரை. ஆகவே வார நாட்களின் மாலை கழிந்துபோகிறது. மிஞ்சுவது, அவர் கிளம்புவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் வாரக் கடைசியும். ஓவியர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். வார நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போக வேண்டும். பதிப்பாசிரியர் இரவு ஒன்பதரை வரை பேச ஆயத்தமாக இருக்கிறார். இவ்வளவும் தெரிந்த பிறகே நேர வித்தியாசத்தைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. அலுவலக நேரங்கள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று மட்டும் பார்த்திருந்தால் வேறு விடை வந்திருக்கும், அது இந்த மூவருக்கும் உதவியிருக்காது.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. 1906-இல் இந்தியா முழுவதற்கும் பொதுவாகக் கொண்டுவரப்பட்ட இந்த நேரம், 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. அந்த அரை மணி நேரம்தான் மனக்கணக்கில் பலரையும் தடுமாற வைக்கிறது. லண்டனைப் பொறுத்தவரை இதற்கு ஒரு பழைய குறுக்குவழி உண்டு. முள் வைத்த கைக்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், இந்திய நேரம் லண்டன் குளிர்கால நேரமாகத் தெரியும். சென்னையில் மாலை ஏழு என்றால், தலைகீழாகப் பார்க்கும்போது சிறிய முள் ஒன்றிலும் பெரிய முள் ஆறிலும் நிற்கும்; லண்டனில் பிற்பகல் ஒன்றரை. கோடை நேரம் வந்ததும் இந்த வழி ஒரு மணி நேரம் பிசகிவிடும். டொராண்டோவுக்கு இப்படி எளிய வழி எதுவும் இல்லை. குளிர்காலத்தில் அது சென்னைக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் ஒன்பதரை.

இந்தியா கடிகாரத்தை மாற்றுவதில்லை. கனடாவின் பெரும்பகுதியும் பிரிட்டனும் மாற்றுகின்றன. அவை இரண்டும் ஒரே நாளில் மாற்றாததுதான் சிக்கல். அமெரிக்காவைப் போலவே டொராண்டோவிலும் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்படுகிறது. 2026-இல் அது மார்ச் 8. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மார்ச்சின் கடைசி ஞாயிறு, அதாவது மார்ச் 29. இடையில் உள்ள மூன்று வாரங்களில் டொராண்டோ கோடை நேரத்தில் இருக்கும், லண்டன் குளிர்கால நேரத்திலேயே நிற்கும். ஆண்டின் பெரும்பகுதி இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஐந்து மணி நேர வித்தியாசம் இருக்கும். இந்த மூன்று வாரம் மட்டும் நான்கு. அக்டோபர் இறுதியில் இதே நிலை ஒரு வாரத்துக்குத் திரும்பவும் வருகிறது. பிரிட்டன் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று பழைய நேரத்துக்குத் திரும்புகிறது, வட அமெரிக்கா நவம்பரின் முதல் ஞாயிறு வரை காத்திருக்கிறது.

பதிப்பகத்தின் அழைப்பு விழுவது சரியாக அந்த மூன்று வாரத்துக்குள். பிப்ரவரி முழுவதும் எழுத்தாளரோடு பேசிப் பழகிய பதிப்பாசிரியருக்கு, சென்னை ஏழு மணி என்றால் டொராண்டோ எட்டரை என்பது மனத்தில் பதிந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் "சனிக்கிழமை சென்னை மாலை 7.00, டொராண்டோ காலை 8.30" என்று எழுதிவிட்டால் என்ன நடக்கும்? எழுத்தாளர் தன் ஊர் மணியைத்தான் பார்ப்பார். அவர் எட்டரைக்கு வந்து அமரும்போது சென்னையில் மணி ஆறு. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, மறந்துவிட்டார்கள் போலும் என்று எழுந்து போயிருப்பார். இரண்டு பேரும் எழுதியபடிதான் நடந்திருக்கிறார்கள், எழுதியதில்தான் பிழை. இதை அனுப்பும் முன்பே கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் கணக்கிடுவதோடு நிறுத்தாமல், மற்ற இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையும் அந்தக் குறிப்பிட்ட தேதிக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த வாரத்தில் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் நான்கு மணி நேரம் வரவில்லை என்றால், எங்கோ பழைய கணக்கு புகுந்திருக்கிறது.

கணினியே சரியாகச் சொல்லிவிடும் என்று நம்புவது பெரும்பாலும் சரிதான், ஆனால் கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். இன்றைய நேரத்தைக் காட்டும் உலகக் கடிகாரம் இன்றைய வித்தியாசத்தையே காட்டும். பிப்ரவரி இறுதியில் அதைப் பார்த்து மார்ச் 14-க்கு நேரம் குறிப்பவர் ஏமாந்துபோவார். தேதியைக் கொடுத்து மாற்றும் கருவியையோ நாட்காட்டிச் செயலியையோதான் பயன்படுத்த வேண்டும். அவற்றுள் ஊர்கள் `Asia/Kolkata`, `America/Toronto`, `Europe/London` என்ற பெயர்களில் இருக்கும். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அந்த ஊரில் எந்தெந்தத் தேதியில் கடிகாரம் மாறும் என்ற விதி சேமிக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் கணினியின் பட்டியலில் டொராண்டோவுக்கு உரிய வரி `(UTC-05:00) Eastern Time (US & Canada)` என்று ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கும். கோடையில் அந்த ஊர் உண்மையில் நான்கு மணி நேரம்தான் பின்னால் இருக்கிறது. செயலி உள்ளுக்குள் சரியாகக் கணக்கிட்டுவிடும். அந்த வரியைக் கண்ணால் பார்த்துக் கையால் கணக்குப் போடுகிறவர்தான் தவறிவிடுகிறார்.

சுருக்கெழுத்துகளையும் இதே காரணத்துக்காகத் தவிர்ப்பது நல்லது. ஐ.எஸ்.டி. என்பது இந்தியாவில் இந்திய நேரம், அயர்லாந்தில் அவர்களுடைய கோடை நேரம், இஸ்ரேலில் அவர்களுடைய நேரம். சி.எஸ்.டி. என்றால் சீனாவையும் குறிக்கும், அமெரிக்காவின் நடுப்பகுதியையும் குறிக்கும். டொராண்டோவில் பேச்சுவழக்கில் கோடையிலும் இ.எஸ்.டி. என்றே சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது குளிர்கால நேரத்தின் பெயர். "டொராண்டோ நேரம்" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் எதுவும் எழ வழியில்லை. அமெரிக்காவைப் போன்ற பெரிய நாடுகளுக்கு நாட்டின் பெயர்கூடப் போதாது. "அமெரிக்க நேரம்" என்று ஒன்று கிடையாது. நியூயார்க் நேரம், சிகாகோ நேரம், கலிபோர்னியா நேரம் என்றுதான் உண்டு.

இனி நேரங்களைத் தேர்ந்தெடுக்கலாம். சனிக்கிழமை டொராண்டோ காலை ஒன்பதரைக்கு லண்டனில் பிற்பகல் ஒன்றரை, சென்னையில் மாலை ஏழு. மூவருக்கும் இயல்பான பொழுது. முதல் நேரமாக மார்ச் 14 சனிக்கிழமை அமைகிறது. இரண்டாவதாக மறுநாள் ஞாயிறு அதே நேரம் என்று போடத்தான் யாருக்கும் தோன்றும். அது வேண்டாம் என்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒரு வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருப்பவருக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்தே கைவிட்டுப் போகும். இரண்டு நேரங்கள் கொடுத்தது போலத் தெரிந்தாலும் கொடுத்தது ஒன்றுதான். இன்னொரு காரணம், 2026-இல் மார்ச் 15 பிரிட்டனில் அன்னையர் தினம். மே மாதத்தில் வரும் அன்னையர் தினத்தையே அறிந்தவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்தைய ஞாயிறு அங்கே அந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது, அன்று பிற்பகல் பல வீடுகளில் குடும்பமாக உண்ணும் நேரம். மூன்று ஊர்களின் விடுமுறைப் பட்டியலையும் ஒரு நிமிடம் திறந்து பார்த்தால் இப்படிப்பட்டவை கண்ணில் படும். பார்க்காமல் கேட்டால் குற்றம் ஆகிவிடாது. ஆனால் பார்த்துவிட்டுக் கேட்பது மரியாதை, அழைக்கப்படுகிறவருக்கு அந்த வேறுபாடு தெரியும்.

ஆகவே இரண்டாவது நேரம் வேறு வகையானதாக இருக்க வேண்டும். வார நாள், டொராண்டோவில் அதிகாலை: செவ்வாய், மார்ச் 17, டொராண்டோ காலை 7.00, லண்டன் 11.00, சென்னை மாலை 4.30. எழுத்தாளருக்குச் சற்று முன்னதாக எழ வேண்டியிருக்கும், ஆனால் வாரக் கடைசி முழுவதும் அவருக்கு மிஞ்சும். மூன்றாவது, அடுத்த சனிக்கிழமை மார்ச் 21, ஒரு மணி நேரம் தள்ளி. அன்று பேசினால் அச்சுக்கு முன் திருத்தங்களுக்கு நான்கு நாட்கள்தான் கிடைக்கும், ஆனாலும் சமாளிக்கலாம். மூன்றுக்கு மேல் நேரங்கள் கொடுப்பதில் பயனில்லை. ஏழெட்டு நேரங்களைப் பார்க்கும்போது படிப்பவர் ஒவ்வொன்றையும் தன் நாட்காட்டியோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று செய்தியை மூடிவிடுகிறார்.

பதிப்பாசிரியர் அனுப்பும் மடல் இப்படி அமையலாம்:

"இருவருக்கும் வணக்கம். நாவலின் இறுதி மெய்ப்பும் அட்டையின் இரண்டு மாதிரிகளும் இத்துடன் இருக்கின்றன. மார்ச் 25, புதன்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் மூவரும் ஒருமுறை, 40 நிமிடம், பேசினால் போதும். எந்த அட்டை, பின்னட்டையில் என்ன வாசகம், ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர் இரண்டு விதமாக வருவதை எப்படித் திருத்துவது, இந்த மூன்றைத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அ. மார்ச் 14, சனி: டொராண்டோ காலை 9.30, லண்டன் பிற்பகல் 1.30, சென்னை மாலை 7.00
ஆ. மார்ச் 17, செவ்வாய்: டொராண்டோ காலை 7.00, லண்டன் காலை 11.00, சென்னை மாலை 4.30
இ. மார்ச் 21, சனி: டொராண்டோ காலை 10.30, லண்டன் பிற்பகல் 2.30, சென்னை இரவு 8.00

டொராண்டோவில் 8-ஆம் தேதி கடிகாரம் மாறியதைச் சேர்த்தே கணக்கிட்டிருக்கிறேன். முடியக்கூடியவை எவை என்று எழுத்துகளை மட்டும் எழுதினால் போதும். ஒன்றுக்கு மேல் முடிந்தால் எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். 'அ' அமைந்தால் திருத்தங்களுக்குக் கூடுதல் நாள் கிடைக்கும், மற்ற இரண்டிலும் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. மூன்றுமே ஒத்துவராவிட்டால், 16 முதல் 20 வரை எந்த நாளிலும் சென்னை இரவு 9.30-க்கு நான் பேசலாம். அப்போது டொராண்டோவில் நண்பகல் 12, லண்டனில் மாலை 4. பேசவே இயலாத வாரம் என்றால், மெய்ப்பின் ஓரத்தில் குறிப்புகளும் அட்டை பற்றி வாட்ஸ்ஆப்பில் ஒரு குரல் பதிவும் அனுப்பினாலும் வேலை நடந்துவிடும்.

டொராண்டோ நேரப்படி மார்ச் 11, புதன் இரவு 9 மணிக்குள் தெரிந்தால், வியாழன் காலை நேரத்தை உறுதிசெய்து எழுதுகிறேன். அதுவரை மூன்று நேரங்களையும் வேறெதற்கும் கொடுக்காமல் வைத்திருப்பேன்."

இதில் சில இடங்களைக் கவனிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் சென்னை கடைசியில் இருக்கிறது, படிப்பவர்களின் ஊர்கள் முதலில். எழுதியவரின் நேரம் முதலில் வந்தால், அவசரமாகக் கைப்பேசியில் பார்ப்பவர் முதலில் கண்ணில் படும் மணியையே மனத்தில் வைத்துக்கொள்ள நேரும். தேதியோடு கிழமையும் எழுதப்பட்டிருக்கிறது. "வரும் சனி", "அடுத்த சனி" என்று பேச்சில் சொல்வதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். தேதியும் கிழமையும் சேர்ந்து வரும்போது, ஒன்றில் கைத்தவறு நேர்ந்தாலும் இரண்டும் பொருந்தாததை வைத்துப் படிப்பவரே கேட்டுவிடுவார். மாதத்தை எழுத்தில் எழுதுவதும் இதற்காகத்தான். 3/4 என்பது இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஏப்ரல் மூன்று, அமெரிக்காவில் மார்ச் நான்கு.

இந்த எடுத்துக்காட்டில் மூன்று ஊர்களிலும் ஒரே தேதிதான். டொராண்டோவின் மாலை நேரமாக இருந்தால் அப்படி இருக்காது. அங்கே வெள்ளி இரவு ஒன்பது, சென்னையில் சனி காலை ஆறரை. அப்போது ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியாகத் தேதியும் கிழமையும் எழுத வேண்டும். நள்ளிரவு 12 என்ற நேரத்தை மட்டும் எங்கும் தரக்கூடாது. வெள்ளி நள்ளிரவு என்பது வெள்ளியின் தொடக்கமா முடிவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, 11.45 அல்லது 12.15 என்று நகர்த்திவிட்டால் தெளிவாகிவிடும்.

மடலின் நெகிழ்வான பகுதியில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "எனக்கு எப்போது வேண்டுமானாலும் சரி" என்று எழுதினால் தாராளமாகத் தோன்றும், ஆனால் படிப்பவர் அதை நம்புவதில்லை. சென்னை இரவு இரண்டு மணிக்குக் கேட்கலாமா, ஞாயிறு கேட்கலாமா என்று அவரே எல்லைகளை ஊகிக்க வேண்டியதாகிறது. தொந்தரவு கொடுத்துவிடக் கூடாது என்று தனக்கு வசதியான நேரத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். இரவு 9.30 வரை என்று எல்லையைச் சொல்லிவிட்டால் அதற்குள் எதையும் கூச்சமில்லாமல் கேட்கலாம். அழைப்பவர் தனக்கு எது பிடிக்கும் என்பதைச் சொல்வதும் தவறில்லை, காரணத்தோடு ஒரு வரியில் சொன்னால் போதும். விருப்பத்தை மறைத்துவிட்டு, மற்றவர் வேறொன்றைத் தேர்ந்த பிறகு முணுமுணுப்பதுதான் உறவைக் கெடுக்கும்.

அசௌகரியமான நேரம் யாருக்கு விழ வேண்டும் என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பேச வேண்டும் என்ற தேவை யாருக்கு இருக்கிறதோ அவரே அதை ஏற்க வேண்டும். அதனால்தான் மாற்று ஏற்பாட்டில் பதிப்பாசிரியர் தன் இரவு ஒன்பதரையைக் கொடுக்கிறார். எழுத்தாளருக்கு அது மதிய உணவு இடைவேளை. மாதம்தோறும் நடக்கும் கூட்டமாக இருந்தால் இந்தச் சுமையை முறைவைத்து மாற்றிக்கொள்வதுதான் சரி. ஒரே ஊர்க்காரர் எப்போதும் இரவில் விழித்திருந்து பேசும் ஏற்பாடு வெகுநாள் ஓடாது. அவர் சொல்லமாட்டார், வருவதைக் குறைத்துக்கொள்வார்.

தமிழர்களுக்கிடையே வேறொரு சிக்கலும் உண்டு. மூத்த எழுத்தாளர்கள் பலர், "உங்களுக்கு எப்போது வசதியோ அப்போதே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் எழுதுவார்கள். அது பெருந்தன்மை, முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டு காலை ஏழு மணியை அவர்மேல் சுமத்தக் கூடாது. அவர் மறுக்கமாட்டார், தூக்கம் கெட்டு வந்து அமருவார். இப்படிப்பட்ட பதில் வந்தால், அவருக்கு எளிதான சனிக்கிழமை நேரத்தைப் பதிப்பாசிரியரே தேர்ந்தெடுத்து, "அப்படியானால் 'அ' என்று வைத்துக்கொள்கிறேன், வீட்டில் வேறு வேலை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், 'இ' இருக்கிறது" என்று எழுதுவது பொருத்தம். "பார்க்கலாம்", "முயற்சி செய்கிறேன்" என்ற பதில்களைப் பெரும்பாலும் முடியாது என்றே படிக்க வேண்டும். அவற்றை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு உறுதி சொல்லிவிட்டால் பிறகு எல்லோருக்கும் சங்கடம்.

முடியக்கூடியவை எல்லாவற்றையும் கேட்டதற்கும் காரணம் இருக்கிறது. இருவர் மட்டும் பேசுவதானால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். மூவர் என்னும்போது எழுத்தாளர் 'ஆ' என்றும் ஓவியர் 'அ' என்றும் ஆளுக்கு ஒன்றைச் சொன்னால் கதை முதலிலிருந்து தொடங்கும். இந்த வழக்கில் எழுத்தாளர் 'அ, ஆ' என்றும் ஓவியர் 'அ, இ' என்றும் எழுதினால் விடை தானாகக் கிடைத்துவிடுகிறது. எழுத்தாளர் 'ஆ' மட்டும், ஓவியர் 'அ' மட்டும் என்றே வந்துவிட்டால், மூவரையும் ஒன்றாக உட்கார வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடலாம். அட்டை பற்றி ஓவியரோடு சனியன்று கால் மணி நேரம், மற்றவை பற்றி எழுத்தாளரோடு செவ்வாயன்று. பேச வேண்டியவற்றை மடலிலேயே பிரித்து எழுதியிருந்ததால்தான் இப்படிப் பிரிக்க முடிகிறது.

அனுப்பும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. திங்கள், மார்ச் 9 அன்று காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் வேலையைத் தொடங்கியதும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால், டொராண்டோவில் ஞாயிறு இரவு பதினொன்றரைக்குக் கைப்பேசி ஒலிக்கும். மாலை ஐந்து மணிக்கு அனுப்பினால் அங்கே காலை ஏழரை. கிளம்புவதற்கு முன் படித்துவிடலாம். மின்னஞ்சலுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். பதிலுக்குக் கொடுத்த கெடுவும் இதே போலப் படிப்பவரின் நாளை ஒட்டியது. டொராண்டோ புதன் இரவு ஒன்பது என்பது சென்னையில் வியாழன் காலை ஆறரை. எழுத்தாளருக்கு அலுவலகம் முடிந்து வந்து பதில் எழுத மூன்று மாலைகள் கிடைக்கின்றன, பதிப்பாசிரியருக்கும் எழுந்தவுடன் விடை கையில் இருக்கும். கெடுவே இல்லாமல் விட்டால் மூன்று நேரங்களையும் எவ்வளவு நாள் காத்துக்கொண்டிருப்பது என்று தெரியாது. அதற்குள் வேறொருவர் ஒன்றைக் கேட்டுவிடுவார். கெடு கடந்தும் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். அப்போது புதிய நேரங்கள் எதையும் சேர்க்காமல், இன்னும் மிஞ்சியிருப்பவற்றை மட்டும் சொல்ல வேண்டும். பழைய மடலில் ஒன்று, புதியதில் வேறொன்று என்று இருந்தால் பதில் எதைக் குறிக்கிறது என்று தெரியாமல் போகும்.

நேரம் முடிவானதும் மூன்று ஊர் மணியையும் தேதியையும் முழுமையாக மறுபடி எழுதி உறுதிசெய்ய வேண்டும். "'அ' உறுதி" என்று மட்டும் எழுதினால் எல்லோரும் பழைய மடலைத் தேடிப் போக வேண்டியிருக்கும். எடுத்துக்கொள்ளாத மற்ற இரண்டு நேரங்களும் விடுவிக்கப்பட்டன என்றும் சொல்லிவிடலாம். ஓவியர் 21-ஆம் தேதியை இன்னும் ஒதுக்கி வைத்திருக்கத் தேவையில்லை. கூடவே நாட்காட்டி அழைப்பை அனுப்பினால் ஒவ்வொருவருடைய கைப்பேசியும் அதைத் தன் ஊர் நேரத்தில் காட்டும். இது மடலில் எழுதிய மணிக்கு நல்ல சோதனை. எழுத்தாளரின் திரையில் 9.30 என்று வராமல் வேறு மணி வந்தால் இரண்டில் ஒன்று தவறு, அதை அன்றே கண்டுபிடித்துவிடலாம். அழைப்பை உருவாக்கும்போது கணினியின் நேர மண்டலம் சென்னையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயணம் போய் வந்தவர்களின் கணினி சில நேரம் போன ஊரிலேயே நின்றுவிடுகிறது.

சில நேரம் எல்லாம் உறுதியான பிறகும் தேதி தள்ளிப்போகும். தாள் வரவில்லை, அச்சு ஏப்ரலுக்குப் போகிறது, பேச்சும் ஏப்ரல் 4 சனிக்கிழமைக்கு மாறுகிறது என்றால், பழைய மடலை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றி அனுப்பத்தான் கை போகும். சென்னை மாலை ஏழு, டொராண்டோ காலை ஒன்பதரை என்பதில் மாற்றமில்லை. ஆனால் மார்ச் 29 அன்று லண்டனில் கடிகாரம் மாறிவிட்டது. அங்கே இப்போது பிற்பகல் இரண்டரை. பழைய வரியை நம்பி ஓவியர் ஒன்றரைக்கே வந்து காத்திருப்பார். தேதியை நகர்த்தினால் மூன்று ஊருக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்பதை வழக்கமாகவே வைத்துக்கொள்வது நல்லது. தொடர்ந்து நடக்கும் கூட்டங்களில், எந்த ஊரின் மணி நிலையானது என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். சென்னை மாலை ஏழு என்று நிலைநிறுத்தினால் டொராண்டோவுக்குக் குளிர்காலத்தில் எட்டரை, கோடையில் ஒன்பதரை. டொராண்டோவை நிலைநிறுத்தினால் சென்னையில் ஏழும் எட்டும் மாறி மாறி வரும். சிட்னியும் சேர்ந்துவிட்டால் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே கோடை நேரம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது, வடக்கே கடிகாரம் முன்னால் போகும் பருவத்தில் அங்கே பின்னால் வருகிறது.

நேரத்தை மாற்றக் கேட்கிறவர் அதே செய்தியில் புதிய நேரங்களையும் கொடுக்க வேண்டும். "சனிக்கிழமை முடியாது, மன்னிக்கவும்" என்பதோடு நிறுத்தினால் சுமை திரும்பவும் மற்றவர் தலையில் ஏறுகிறது. காரணம் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு முன்னதாகச் சொல்கிறார் என்பதே கேட்பவருக்கு முக்கியம். சென்னையில் சனி காலை நினைவுக்கு வந்து எழுதினாலும், டொராண்டோவில் அது வெள்ளி நள்ளிரவு ஆகியிருக்கலாம். எழுத்தாளர் அதை எழுந்த பிறகுதான் பார்ப்பார், அதற்குள் ஒன்பதரைக்காக மற்ற வேலைகளை ஒதுக்கியிருப்பார். எனவே முதல் நாள் சென்னை இரவு எட்டு மணிக்கு முன் ஒரு நினைவூட்டல் அனுப்புவது பயன்படும். டொராண்டோவில் அப்போது காலை பத்தரை, மாற்ற வேண்டியிருந்தால் அவருக்குப் பகல் முழுவதும் இருக்கிறது. நினைவூட்டலில் இணைப்பும், அது வேலை செய்யாவிட்டால் யார் யாரை எந்த எண்ணில் அழைப்பது என்பதும் இருக்க வேண்டும்.

குறித்த நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, "இணைப்பில் இருக்கிறோம், உங்கள் ஊரில் இப்போது 9.40 தானே?" என்று கேட்டு எழுதலாம். மணியைச் சொல்லிக் கேட்பதால், பிழை கணக்கில் இருந்தால் உடனே வெளிப்பட்டுவிடும். வராதவர்மேல் குற்றம் சொன்னதாகவும் ஆகாது. இருபது நிமிடத்துக்குப் பிறகும் பதில் இல்லையென்றால் வந்திருக்கிறவர்கள் தங்களால் முடிந்ததைப் பேசி முடித்து, குறிப்புகளை எழுதி அனுப்பிவிட்டு, வராதவருக்கு மட்டும் இரண்டு புதிய நேரங்களை அவருடைய ஊர் மணியில் கொடுக்கலாம்.